வெளிநாட்டுல இருந்துகிட்டே ஊர் அக்கவுண்ட்ல ஓடுற ஆட்டோ டெபிட்டை எல்லாம் நிறுத்துறது எப்படி

ஷார்ஜாவுக்கு வந்து ஏழாவது மாசம் ஊர் பேங்க் ஸ்டேட்மெண்டை சும்மா திறந்து பார்த்தேன், மூணு மாசமா மாசம் ஒரு 590 ரூபா போயிருக்கு. 500 ரூபா அபராதம், அதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 90 ரூபா. எதுக்குடா இதுன்னு தோண்டிப் பார்த்தா, அறந்தாங்கியில நான் சேர்ந்திருந்த ஜிம் ஒவ்வொரு மாசமும் 5ஆம் தேதி 900 ரூபா இழுக்க வந்திருக்கு, அன்னிக்கு அக்கவுண்ட்ல காசு இல்ல, பவுன்ஸ் ஆகியிருக்கு, 8ஆம் தேதி நான் சம்பளத்துல இருந்து அனுப்புன பணம் உள்ள விழுந்ததும் பேங்க் தன்னோட 590ஐ எடுத்துக்கிட்டு போயிருக்கு.

இத்தனைக்கும் கிளம்புறதுக்கு முன்னாடியே ஜிம் ஓனர்கிட்ட சொல்லிட்டுதான் வந்தேன். அவரும் "சரி தம்பி, போயிட்டு வாங்க"ன்னு நோட்டுல பேரை அடிச்சுட்டார். நோட்டுல அடிச்சா போதுமா, மாசாமாசம் பணம் எடுத்துக்கோன்னு பேங்க்ல நான் கையெழுத்து போட்ட மேண்டேட் அப்படியே உயிரோட இருந்துச்சு.

இதுல புரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இதுதான். ஒரு சந்தாங்கிறது ரெண்டு தனித்தனி சமாச்சாரம். கம்பெனிக்கும் உங்களுக்கும் உள்ள ஒப்பந்தம் ஒண்ணு, பணத்தை எடுத்துக்கோன்னு பேங்க்குக்கு நீங்க குடுத்த அனுமதி இன்னொண்ணு. ஒண்ணை மட்டும் நிறுத்துனா மத்தது சத்தம் போடாம ஓடிக்கிட்டே இருக்கும். ரெண்டையும் நிறுத்தணும், அதையும் சரியான வரிசையில செய்யணும், வரிசை மாறுனா கடல் கடந்து உக்காந்துகிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. நான் எமிரேட்ஸ்ல இருந்து பண்ணதை வெச்சு சொல்றேன், சவுதி, கத்தார், சிங்கப்பூர்ல இருக்கவங்களுக்கும் இந்தியா பக்கத்து வேலை இதேதான்.

முதல் வேலை: ஊர் சிம்மை சாக விடாதீங்க

எல்லாத்துக்கும் ஓடிபி அந்த நம்பருக்குதான் வரும். இங்க வந்ததும் நிறைய பேர் பண்ற தப்பு, புது சிம் வாங்கின ஜோர்ல ஊர் சிம்மை கழட்டி பர்ஸ்ல வெச்சுடுறது. தொடர்ந்து 90 நாள் பயன்படுத்தாம கிடந்தா கம்பெனி நம்பரை முடக்கலாம், அப்புறம் கொஞ்ச நாள்ல அது வேற யார் கைக்காவது போயிடும், உங்க பேங்க் ஓடிபியும் கூடவே போகும். அதனால ரெண்டாவது ஸ்லாட்ல ஊர் சிம் இருக்கட்டும், டேட்டா ரோமிங்கை மட்டும் அணைச்சு வைங்க, வேலிடிட்டி முடியாம ஊர்ல இருந்து யாரையாவது ரீசார்ஜ் பண்ணச் சொல்லுங்க.

ரோமிங்ல எஸ்எம்எஸ் வர்றதுக்கு காசு கிடையாது, அதனால ஓடிபி வந்துடும். ஆனா போறதுக்கு காசு உண்டு. இங்கதான் யூபிஐ சிக்கல். யூபிஐ ஆப்பை புது போன்ல போட்டீங்கன்னா அது உங்க ஊர் சிம்ல இருந்து ஒரு எஸ்எம்எஸ் தானா அனுப்பித்தான் நம்பரை உறுதி பண்ணும், ரோமிங் பேக் இல்லைனா அது போகாது, சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும். ஆக மேண்டேட் எல்லாம் கேன்சல் பண்ணி முடிக்கிற வரைக்கும் பழைய போனை மாத்தாதீங்க, ரீசெட் பண்ணாதீங்க, அதுல ஏற்கனவே ஓடிக்கிட்டு இருக்கற யூபிஐ ஆப்தான் உங்க சாவி. வைஃபை இருந்தா போதும், வேலை செய்யும்.

ரெண்டாவது: என்னென்ன ஓடுதுன்னு கண்டுபிடிக்கணும்

நினைவுல இருந்து பட்டியல் போட்டா பாதி விட்டுப் போயிடும். நெட்பேங்கிங்ல போய் கடைசி 13 மாச ஸ்டேட்மெண்ட் எடுங்க, 12 இல்ல 13, ஏன்னா வருஷ சந்தா சில சமயம் ரெண்டு மூணு நாள் தள்ளி விழும். டெபிட் வரிகளை மட்டும் பாருங்க. `ACH` இல்ல `NACH`னு ஆரம்பிச்சா அது அக்கவுண்ட்ல நேரடியா இழுக்குற மேண்டேட். பழைய ஆளா இருந்தா `ECS`னு இருக்கும். யூபிஐ வரியில மேண்டேட், ஆட்டோபேன்னு வந்தா அது யூபிஐ ஆட்டோபே. கார்டு நம்பரோட கடைசி நாலு எண்ணும் கடைப் பேரும் இருந்தா கார்டுல போட்ட தொடர் உத்தரவு. கிரெடிட் கார்டு இருந்தா அதோட பில்லையும் இதே மாதிரி தனியா பாருங்க.

எனக்கு கிடைச்சது ஏழு. ஜிம் 900, அக்கவுண்ட் மேண்டேட். பைக் லோன் 3,240, அதுவும் அக்கவுண்ட் மேண்டேட். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி 2,000, அதுவும் அப்படியே. சினிமா பாக்குற ஆப் 149, யூபிஐ ஆட்டோபே. போட்டோ சேமிக்கிற ஒரு சர்வீஸ் மாசம் 10 டாலர், டெபிட் கார்டுல. அப்புறம் மே மாசக் கடைசியில 436ம் 20ம், அது பிரதமர் பேர்ல இருக்கற ஆயுள், விபத்து இன்சூரன்ஸ் ரெண்டுக்கும் பேங்க் வருஷம் ஒருக்கா எடுக்குற பிரீமியம். இந்த ரெண்டையும் நான் தொடலை. 456 ரூபாய்க்கு வீட்டுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கு, அதை நிறுத்தி என்ன மிச்சம் பண்ணப் போறோம். மே 20க்கு மேல அக்கவுண்ட்ல 500 ரூபா கிடக்குற மாதிரி பாத்துக்கறேன், அவ்வளவுதான்.

மூணாவது: கம்பெனி பக்கம் நிறுத்துறது

எப்பவும் இதுதான் முன்னாடி. பேங்க்ல முதல்ல நிறுத்திட்டீங்கன்னா கம்பெனி கணக்குல நீங்க "பணம் கட்டாத ஆள்". மாச சந்தா ஆப்புகள் பேசாம சர்வீஸை நிறுத்திடும், ஆனா வருஷ ஒப்பந்தம் போட்ட ஜிம், பிராட்பேண்ட், கோச்சிங் மாதிரி ஆளுங்க பாக்கின்னு அம்மாவுக்கு போன் போடுவாங்க.

ஆப்பை போன்ல இருந்து டிலீட் பண்றது கேன்சல் இல்லைங்கறதை இன்னும் எத்தனை பேருக்கு சொல்லணுமோ தெரியல. கணக்குக்குள்ள போய் சந்தாவை ரத்து பண்ணணும், எந்தத் தேதியோட முடியுதுன்னு வர்ற பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கணும். ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் வழியா காசு கட்டியிருந்தா அந்த ஆப்புக்குள்ள தேடினா கிடைக்காது, ஸ்டோரோட சந்தா பக்கத்துலதான் இருக்கும். இதுல இன்னொரு முடிச்சு இருக்கு. ஆப்பிள்ல நாட்டை மாத்தணும்னா பழைய நாட்டு சந்தா எல்லாம் ரத்தாகி காலம் முடிஞ்சிருக்கணும், பேலன்ஸ் காலியா இருக்கணும். கூகுள் ப்ளேயில நாட்டை வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்த முடியும், பழைய நாட்டு பேலன்ஸ் புது நாட்டுல செல்லாது. அதனால முதல்ல சந்தா, கடைசியில நாடு.

ஜிம்முக்கு என்ன பண்ணேன்னா, ஓனருக்கு வாட்ஸாப்ல "இந்தத் தேதியோட உறுப்பினர் கணக்கை முடிச்சு மேண்டேட்டையும் கேன்சல் பண்ணச் சொல்லுங்க"ன்னு எழுதி, அவர் "சரி"ன்னு போட்ட பதிலை பத்திரமா வெச்சேன். பணம் வசூல் பண்றது அவர் இல்ல, நடுவுல ஒரு வசூல் கம்பெனி இருக்குங்கறதே எனக்கு அப்பதான் தெரிஞ்சுது.

நாலாவது: பேங்க் பக்கம் நிறுத்துறது

மூணு வகைக்கும் மூணு வாசல்.

யூபிஐ ஆட்டோபே ரொம்ப சுலபம். எந்த ஆப்ல அனுமதி குடுத்தீங்களோ அதே ஆப்ல, உங்க படத்தைத் தொட்டு உள்ள போனா ஆட்டோபேன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல சந்தாவை எடுத்து கேன்சல் குடுத்து யூபிஐ பின் போட்டா ரெண்டு நிமிஷ வேலை. `Pause` பண்றதும் அதுலயே இருக்கும், அதைப் பண்ணாதீங்க, அது தற்காலிகம்தான்.

கார்டுக்கு, பேங்க் நெட்பேங்கிங்ல கார்டு பகுதிக்குள்ள இ-மேண்டேட் இல்லைனா ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்னு இருக்கும். சில பேங்க்ல அதைத் தொட்டா `SI Hub`னு வேற ஒரு பக்கத்துக்கு கூட்டிட்டுப் போகும், பயப்பட வேண்டாம், பல பேங்க்குக்கு அதுதான் பின்னாடி நிர்வாகம் பண்ணுது. ஆனா பேங்க் சைட் வழியா மட்டும் போங்க, கூகுள்ல தேடி வர்ற லிங்க்கை நம்பி கார்டு நம்பர் அடிக்காதீங்க. 2021 அக்டோபர் 1ல இருந்து ரிசர்வ் பேங்க் விதிப்படி இந்திய கார்டுல தொடர் சந்தா எடுக்குறதுக்கு குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாடி உங்களுக்கு தகவல் வரணும், அந்த மெசேஜ்லயே வேண்டாம்னு சொல்ற வழியும் இருக்கும். அந்த மெசேஜ் ஊர் நம்பருக்கோ பேங்க்ல குடுத்த இமெயிலுக்கோதான் வரும், காலேஜ் படிக்கும்போது குடுத்த பழைய இமெயில் ஐடியா இருந்தா மாத்திடுங்க.

அக்கவுண்ட் மேண்டேட்தான் கொஞ்சம் இழுபறி. நெட்பேங்கிங்ல மேண்டேட்டுன்னு தேடுங்க, ஒவ்வொண்ணுக்கும் `UMRN`னு 20 எழுத்து, எண் கலந்த ஒரு நம்பர் இருக்கும், அதுதான் அந்த மேண்டேட்டோட ஆதார் கார்டு மாதிரி. கம்பெனி பேர், உச்ச வரம்பு, முடியற தேதி எல்லாம் தெரியும். என் ஜிம் மேண்டேட்டோட உச்ச வரம்பு 5,000னு இருந்துச்சு! 900 ரூபாய்க்கு கையெழுத்து போட்டோம்னு நினைச்சுகிட்டு இருந்தேன். அந்தப் பக்கத்துலயே கேன்சல் இருந்தா ஓடிபி போட்டு முடிச்சுடுங்க.

என்னோட பேங்க்ல அந்த வசதி காகிதத்துல போட்ட மேண்டேட்டுக்கு இல்ல. அதுக்கு பேங்க்ல பதிவான இமெயில்ல இருந்து கிளைக்கு மெயில் போட்டேன். அக்கவுண்ட் நம்பரோட கடைசி நாலு எண், அந்த 20 எழுத்து நம்பர், வசூல் பண்ற கம்பெனி பேர், "இந்த மேண்டேட்டை நிரந்தரமா கேன்சல் பண்ணுங்க"ங்கற வரி, கையெழுத்து போட்டு ஸ்கேன் பண்ண லெட்டர், பாஸ்போர்ட்டும் விசாவும். கையெழுத்து பேங்க்ல இருக்கறது மாதிரியே இருக்கணும், என்னோடது முதல் தடவை திரும்பி வந்துடுச்சு, எட்டு வருஷத்துல என் கையெழுத்து அவ்வளவு மாறிப் போயிருக்கு. "நிறுத்துங்க"ன்னு மொட்டையா எழுதாதீங்க, ஒரே ஒரு தவணையை மட்டும் நிறுத்திட்டு அடுத்த மாசம் மறுபடி விடுவாங்க. கேன்சல்னு எழுதணும், நம்பர் போடணும், அடுத்த தவணை தேதிக்கு பத்து நாளாவது முன்னாடி அனுப்பணும்.

பைக் லோன் மேண்டேட்டை மட்டும் தொடாதீங்க. கடன் மேண்டேட்டை நிறுத்தினா கடன் நின்னுடாது, அபராதமும் சிபில் அடியும்தான் மிச்சம். போதாக்குறைக்கு 2007ஆம் வருஷத்து பேமெண்ட் அண்ட் செட்டில்மெண்ட் சிஸ்டம்ஸ் சட்டம் பிரிவு 25 படி பணம் இல்லாம மேண்டேட் திரும்பினா செக் பவுன்ஸ் மாதிரியே கேஸ் போட இடம் இருக்கு. எனக்கு பிரச்சினையே தேதிதான், தவணை 5ஆம் தேதி, இங்க சம்பளம் 7ஆம் தேதி. ஃபைனான்ஸ்காரங்ககிட்ட தேதியை 15க்கு மாத்தக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க, சரின்னு ரெண்டு தவணைப் பணம் 6,480ஐ எப்பவும் அக்கவுண்ட்ல படுக்கப் போட்டுட்டேன். கடைசி தவணை கட்டி, தடையில்லாச் சான்று வாங்கினதுக்கு அப்புறம் மறக்காம இந்த மேண்டேட்டையும் கேன்சல் பண்ணுங்க, மேண்டேட்டோட முடியற தேதி கடன் முடியற தேதிக்கு ரொம்ப பின்னாடி இருக்கறது சகஜம்.

டாலர், திர்ஹம், ரூபா குழப்பம்

போட்டோ சர்வீஸ் 10 டாலர். டாலர் 90 ரூபான்னு வெச்சுக்குவோம், 900 ரூபா. என் கார்டுல வெளிநாட்டு கரன்சிக்கு 3.5 சதவீதம் கூடுதல், அது 31 ரூபா 50 காசு, அந்தக் கூடுதலுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 5 ரூபா 67 காசு. மொத்தம் 937 ரூபா. இந்தக் காசை நான் திர்ஹத்துல சம்பாதிச்சு, ரூபாயா மாத்தி ஊருக்கு அனுப்பி, அது மறுபடி டாலரா மாறுது, ரெண்டு தடவை கமிஷன். திர்ஹம் 1997ல இருந்து டாலருக்கு 3.6725னு கட்டி வெச்சது, அதனால டாலர்ல விலை இருக்கற சந்தாவை இங்கத்த கார்டுக்கு மாத்திட்டா ரேட் ஆட்டம் இல்ல, சுமார் 37 திர்ஹம், கூட இங்கத்த பேங்க் போடுற வெளிநாட்டு கட்டணம் மட்டும். ஒரு எச்சரிக்கை இருக்கு. 24 மணி நேர முன்னறிவிப்பு விதி இந்திய கார்டுக்குத்தான். இங்கத்த கார்டுக்கு மாத்தினா சொல்லாம கொள்ளாம எடுத்துடும், போன் காலண்டர்ல நீங்களே ஞாபகம் வெச்சுக்கணும்.

தலைகீழா, அம்மா வீட்டு பிராட்பேண்டுக்கு இங்கத்த கார்டுல ரூபாயா கட்டப் போனேன், மூணு தடவை மறுத்துடுச்சு. கார்டுல கோளாறு இல்ல, அந்தக் கடை வெளிநாட்டு கார்டை ஏத்துக்க பேமெண்ட் கேட்வேல அனுமதி வாங்கியிருக்கணும், நிறைய உள்ளூர் கம்பெனிங்க வாங்கறதில்ல. இங்கத்த பேங்க் ஆப்ல மறுப்பு வந்ததாவே காட்டலைனா பிரச்சினை அந்தக் கடை பக்கம்னு ஓரளவு முடிவு பண்ணிக்கலாம், திரும்பத் திரும்ப அடிச்சு கார்டை லாக் பண்ணிக்காதீங்க. சில சைட் ஏத்துக்கிட்டு "திர்ஹத்துல கட்டுறீங்களா, ரூபாயிலயா"ன்னு கேக்கும். ரூபாயைத் தொடுங்க. திர்ஹத்தைத் தொட்டா ரேட்டை கடைக்காரன் பக்கம் போடுறான், உங்க பேங்க் போடுறதை விட பெரும்பாலும் மோசமா இருக்கும்.

ஊர் கார்டு இங்க வேலை செய்யலைனா அதுக்கும் காரணம் உண்டு. 2020 அக்டோபர்ல இருந்து புதுசா வர்ற இந்திய கார்டுகள்ல வெளிநாட்டு உபயோகமும் ஆன்லைன் உபயோகமும் மூடியே வரும், பேங்க் ஆப்ல நீங்கதான் திறக்கணும். டாலர் சந்தாவை நிறுத்தி முடிச்சதும் அந்த ஸ்விட்சை திரும்ப மூடிடுங்க. ஆனா கார்டை மூடுறதும் பிளாக் பண்றதும் அக்கவுண்ட் மேண்டேட்டை நிறுத்தாது, அது கார்டு வழியா வர்றதே இல்ல. எங்க ரூம்ல ஒரு அண்ணன் கார்டை பிளாக் பண்ணிட்டு நிம்மதியா நாலு மாசம் தூங்கினார்.

கடைசி வேலைதான் அக்கவுண்டை மாத்துறது

வேலைக்குன்னு வெளிநாடு வந்துட்டா சாதா சேவிங்ஸ் அக்கவுண்டை வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்ஆர்ஓ அக்கவுண்டா மாத்தணும்ங்கறது விதி. மாத்தும்போது சில பேங்க்ல அக்கவுண்ட் நம்பரே மாறும், யூபிஐ அறுந்து போகும், மேண்டேட்டுகள் பாதி இங்கேயும் பாதி அங்கேயும் தொங்கும். எனவே கேன்சல் எல்லாம் முடிச்சு, மிச்சம் இருக்கறது பைக் லோன் மாதிரி ஒண்ணு ரெண்டு மட்டும்னு ஆனதுக்கு அப்புறம் மாத்துங்க. மாத்துறதுக்கு முன்னாடி கிளையில "நம்பர் மாறுமா, இருக்கற மேண்டேட் ஓடுமா"ன்னு மெயில்ல கேட்டு பதில் வாங்குங்க. எஸ்ஐபியை நான் இந்த கட்டத்துலதான் ஃபண்ட் கம்பெனி சைட்ல நிறுத்தினேன், கேஒய்சியில என்ஆர்ஐன்னு மாத்தி என்ஆர்ஓல இருந்து புதுசா ஆரம்பிச்சேன். என்ஆர்ஓ, என்ஆர்இ அக்கவுண்ட்ல வெளிநாட்டு நம்பரை வெச்சே யூபிஐ போடுறதுக்கு 2023ல எமிரேட்ஸ், சவுதி, கத்தார், ஓமன், சிங்கப்பூர் உட்பட பத்து நாட்டுக்கு வழி திறந்தாங்க, எல்லா பேங்க்கும் எல்லா ஆப்பும் குடுக்கறதில்ல, உங்க பேங்க்கைக் கேளுங்க. கிடைச்சுட்டா ஊர் சிம் தொல்லை பாதி குறையும்.

நின்னுடுச்சான்னு எப்படித் தெரியும்

பேங்க் "கேன்சல் ஆயிடுச்சு"ன்னு மெயில் போட்டா நம்பாதீங்க, அடுத்த தவணை தேதியும் அதுக்கு அடுத்த பத்து நாளும் ஸ்டேட்மெண்ட்ல பாருங்க. ஒரு வரியும் வரலைனா ரெண்டு பக்கமும் நின்னுடுச்சு. பணம் எடுக்கப்படாம அபராதம் மட்டும் விழுந்தா காரணத்தைக் கேளுங்க. பணம் இல்லைங்கறது காரணம்னா மேண்டேட் இன்னும் உயிரோட இருக்கு. மேண்டேட் இல்லை, ரத்தானதுன்னு காரணம் வந்தா பேங்க் வேலையை ஒழுங்கா பண்ணிடுச்சு, வசூல் கம்பெனி மட்டும் இன்னும் கதவைத் தட்டுது, அதுக்கு உங்ககிட்ட அபராதம் வாங்கறதுல நியாயம் இல்ல.

எனக்கு நடந்தது இதுல முதல் வகை. கேன்சல்னு மெயில் வந்த அடுத்த 5ஆம் தேதி மறுபடி ஒரு 590. காரணம் கேட்டா பணம் இல்லைன்னு சொன்னாங்க, அப்படின்னா சிஸ்டத்துல கேன்சலே ஆகலை. அவங்க போட்ட மெயிலையே இணைச்சு பேங்க்ல புகார் போட்டு நம்பர் வாங்கினேன். 30 நாள்ல பதில் வரலைனாலோ வந்த பதில் திருப்தி இல்லைனாலோ `cms.rbi.org.in`ல ரிசர்வ் பேங்க் ஓம்பட்ஸ்மேனுக்கு இங்கிருந்தே ஆன்லைன்ல காசு இல்லாம புகார் போடலாம், பேங்க் புகார் நம்பர் கைல இருக்கணும். எனக்கு அது தேவைப்படலை, 19ஆவது நாள் அந்த ஒரு 590 திரும்ப வந்துச்சு. முன்னாடி போன மூணையும் கேட்டுப் பார்த்தேன், "அப்ப மேண்டேட் நடப்புல இருந்துச்சு சார்"னாங்க. அது சரிதான், 1,770 என் கணக்கு.